சாவி கைமாறும் நேரம்: எந்த ஏற்பாடு தாங்கும்?

வாடகை வீட்டைக் காலி செய்கிறீர்கள். சாவிகளும், ஒப்பந்தத்தின் அசலும் ரசீதுகளும் வைத்த ஓர் உறையும் வீட்டுக்காரர் கையில் சேர வேண்டும். அன்று மாலையே உங்களுக்கு ரயில். வீட்டுக்காரர் வேலை முடிந்து வருபவர். "சாயங்காலம் வந்துடறேன்" என்கிறார். இந்தச் சாயங்காலத்தை ஒரு நேரமாக மாற்ற வேண்டும், அவர் வரமுடியாமல் போனால் யார் வாங்கிக்கொள்வது என்றும் முடிவாக வேண்டும்.

பெரும்பாலானோர் இவற்றை இரண்டு தனி விஷயங்களாக எடுத்துக்கொள்கிறார்கள். முதலில் நேரம் பேசுவார்கள். பேச்சு முடியும்போது, "எதுக்கும் வேற ஒரு நம்பர் குடுங்க" என்று கேட்டு ஓர் எண்ணை வாங்கி வைப்பார்கள். என் கருத்தில் இந்த வரிசைதான் சிக்கலுக்குக் காரணம். நீங்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதை அந்த மாற்று ஆள் இருக்கும் தூரம்தான் தீர்மானிக்கிறது. அதனால் யார் மாற்று ஆள் என்று தெரியாமல் நேரத்தைக் குறிக்கவே முடியாது. இந்த ஒரு வீட்டையே உதாரணமாக வைத்துக்கொண்டு, வழக்கமாக நாம் செய்யும் ஏற்பாடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் கணக்கு. இதை எப்போதும் பின்னாலிருந்து முன்னால் போட வேண்டும். ரயில் மாலை 7:40. மூட்டை முடிச்சோடு போவதால் நிலையத்தில் 7:10க்கு இருந்தால் நல்லது. போக 40 நிமிடம். ஆக 6:30க்கு வாசலை விட்டுக் கிளம்ப வேண்டும். சாவி கொடுப்பது ஒரு நொடி வேலை என்று தோன்றும், ஆனால் ஒழுங்காகச் செய்தால் 20 நிமிடம் பிடிக்கும். ஒவ்வொரு சாவியையும் அதனதன் பூட்டில் போட்டுத் திருப்பிக் காட்ட வேண்டும். அறைகளை இருவரும் ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். மின்மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். உறையில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்தும் வாங்க வேண்டும். ஆக, கைமாற்றம் தொடங்கியே ஆகவேண்டிய நேரம் 6:10. அதற்கு மேல் தள்ளினால் ரயிலைத்தான் விட வேண்டியிருக்கும்.

இப்போது மாற்று ஆளைக் கொண்டுவாருங்கள். வீட்டுக்காரரின் தம்பி 25 நிமிடத் தொலைவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரைத் திடீரென்று கூப்பிட்டால் கைவேலையை முடித்து, உடை மாற்றி, வண்டியை எடுக்கக் குறைந்தது 10 நிமிடம் ஆகும். எனவே 35 நிமிடம் என்று கொள்ள வேண்டும். அவரைக் கூப்பிட வேண்டிய கெடு 5:35. தம்பிக்குப் பதில், அதே கட்டடத்தின் மேல்மாடியில் வீட்டுக்காரரின் அக்கா இருந்தால் அவர் இறங்கி வர 5 நிமிடம் போதும். கெடு 6:05 ஆகிவிடுகிறது. ரயில், சாலை, வீடு எதுவும் மாறவில்லை. மாற்று ஆள் மட்டும் மாறினார், வீட்டுக்காரருக்கு அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைத்துவிட்டது. "யார் நம்பிக்கையானவர்" என்று மட்டும் யோசித்து ஆளைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த அரை மணியைக் கவனிப்பதில்லை.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் குறிக்கும் முறைகளைப் பார்த்தால் அவற்றின் பலமும் பலவீனமும் தெளிவாகத் தெரியும்.

மிகவும் வழக்கமானது "சரியா 5 மணிக்கு" என்பது. இருவருமே ஏற்கனவே அருகருகே இருக்கும்போது, அல்லது ஒரு பக்கம் அலுவலகக் கவுன்ட்டராக இருக்கும்போது, இதைவிட நல்லது வேறில்லை. இரண்டு நிமிட வேலைக்கும் இது போதும். ஆனால் ஒருவர் 40 நிமிடம் பயணம் செய்து வர வேண்டியிருந்தால், 5 மணி என்ற சொல் 5:10க்கு என்ன செய்வது என்று சொல்வதில்லை. வருகிறவரைப் பொறுத்தவரை 5:20 என்பதும் கிட்டத்தட்ட 5 மணிதான். காத்திருப்பவருக்கோ 5:05 முதலே கவலை தொடங்கிவிடுகிறது. இருவரில் யாரும் தவறு செய்யவில்லை, ஆனால் அந்த இடைவெளியில் எரிச்சலான நாலைந்து அழைப்புகள் போய்விடும். வண்டி ஓட்டுகிறவர் போனை எடுக்கமாட்டார். எடுக்கவில்லையே என்று இவர் மீண்டும் கூப்பிடுவார். எந்த நேரத்தில் மாற்று ஆளிடம் போவது என்று முன்பே பேசாததால், "இன்னும் அஞ்சு நிமிஷம் பாப்போம்" என்று தள்ளித் தள்ளி, கெடு தாண்டிய பிறகுதான் தம்பிக்கு அழைப்பு போகும்.

அடுத்தது "5லிருந்து 6க்குள்ள" என்று ஓர் இடைவெளியாகச் சொல்வது. எனக்கு இது பிடிக்கும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. 5லிருந்து 6 என்று சொன்னால், வருகிறவர் மனதில் நிற்பது 6 மட்டும்தான். அவர் 5:55க்கு வந்து சேரும்படிதான் திட்டமிடுவார், அது இயல்பு. அதனால் இடைவெளியின் முடிவும் உங்களுடைய உண்மையான கடைசி நேரமும் ஒன்றாக இருக்கக் கூடாது. முடிவு என்பது மாற்று ஆளைக் கூப்பிடும் கெடுவாக இருக்க வேண்டும், அதை வருகிறவரிடம் வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும். மேல்மாடி அக்காதான் மாற்று ஆள் என்றால் "5:00 முதல் 6:05 வரை இருப்பேன். 6:05க்கு அக்காவைக் கூப்பிட்டுவிடுவேன்" என்று சொல்லலாம். தம்பி என்றால் "5:00 முதல் 5:35 வரை". முன்னது ஒரு மணி நேரத்துக்கு மேல், பின்னது அரை மணி கொஞ்சம் கூட. வருகிறவர் 4:30க்கு வேலை முடித்து 40 நிமிடத்தில் வருபவர் என்றால், எல்லாம் சரியாக நடந்தாலே 5:10 ஆகும். 35 நிமிட இடைவெளியில் அவருக்கு மிஞ்சுவது 25 நிமிடம். ஒரு கூட்டம் நீண்டாலே அது கரைந்துவிடும். தம்பியை நம்பியிருக்கும் ஏற்பாடு பாதி நாட்களில் தம்பியிடமே போய் முடியும் என்று எதிர்பார்த்துத்தான் இறங்க வேண்டும். அப்படியானால் முதலிலேயே தம்பியிடம் நேரம் பேசியிருக்கலாமே என்ற கேள்வியும் எழும். அது நியாயமான கேள்வி, வீட்டுக்காரரிடம் அதைக் கேட்டுவிடுவதே நல்லது.

மூன்றாவது, "கிளம்பும்போது போன் பண்றேன்" வகை. இதில் கட்டாயமில்லாததால் இருவருக்கும் சௌகரியமாகத் தோன்றும். இரு பக்கமும் கெடுவே இல்லையென்றால், உதாரணமாக ஒரே தெருவில் இருக்கிறார்கள், எந்நேரமும் வீட்டில் ஆள் உண்டு என்றால், இது போதும். ரயில் போன்ற அசைக்க முடியாத ஒன்று ஒரு பக்கம் இருக்கும்போது இதைத் தனியாக நம்பக்கூடாது. அழைப்பு வரவில்லை என்றால் அவர் மறந்தாரா, போனில் சார்ஜ் இல்லையா, இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று எதுவும் தெரியாது. ஆனால் இதே பழக்கத்தை இடைவெளி முறையோடு சேர்த்தால் அருமையாக வேலை செய்யும். வீட்டுக்காரரின் பயணம் 40 நிமிடம். 6:05க்குள் வந்து சேர வேண்டுமென்றால் 5:25க்காவது அவர் கிளம்பியிருக்க வேண்டும். ஆகவே "கிளம்பிட்டேன்" என்ற சேதி 5:25க்குள் வர வேண்டும் என்று பேசிவைத்தால், வரப்போவதில்லை என்பது உங்களுக்கு 40 நிமிடம் முன்பே தெரிந்துவிடுகிறது. அக்காவிடம் 5:30க்கே "தயாரா இருங்கக்கா, உங்களைத்தான் கூப்பிடுவேன் போலிருக்கு" என்று சொல்லிவைக்கலாம். வந்து சேரும் நேரத்தை மட்டும் பேசிவிட்டுக் கிளம்பும் நேரத்தைப் பேசாமல் விடுவது, கிடைக்கக்கூடிய முதல் எச்சரிக்கையைக் கைவிடுவதாகும்.

நான்காவது, கொடுக்கிறவரே வாங்குகிறவர் இருக்கும் இடத்துக்குப் போவது. நிலையத்துக்குப் போகும் வழியில் வீட்டுக்காரரின் அலுவலகம் இருக்கிறது, போகிற போக்கில் கொடுத்துவிடலாம் என்று நினைப்பது. காத்திருப்பு இல்லை என்பதே இதன் பெரிய லாபம். ஆவணங்களுக்கு இது மிகவும் ஏற்றது, ஏனென்றால் காகிதத்தை எந்த மேசையிலும் விரித்துச் சரிபார்க்கலாம். சாவிக்கு அப்படியில்லை. பூட்டு அங்கே இல்லை. எந்தச் சாவி எதற்கு, எல்லாம் திறக்கிறதா, வீடு எந்த நிலையில் விடப்பட்டது என்பதையெல்லாம் வீட்டுக்காரர் பிறகு தனியாகப் போய்த்தான் பார்ப்பார். அப்போது பின்கதவு திறக்கவில்லை என்றால் நீங்கள் வேறு ஊரில் இருப்பீர்கள். யார் சொல்வது சரி என்று நிரூபிக்க இருவரிடமும் எதுவும் இருக்காது.

இந்த நான்கையும்விட நான் முதலில் பரிந்துரைப்பது, கைமாற்றத்தை இரண்டாகப் பிரிப்பது. நேரம் பிடிக்கும் வேலையும் நேரம் நெருக்கும் நாளும் ஒன்றாக வர வேண்டிய கட்டாயம் இல்லை. முந்தைய நாள் மாலை, அவசரம் எதுவுமில்லாத போது, வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள். வீட்டில் மொத்தம் 5 சாவி என்று வைத்துக்கொள்வோம்: முன்கதவுக்கு 3, பின்கதவுக்கு 1, தபால் பெட்டிக்கு 1. ஐந்தையும் போட்டுத் திருப்பிக் காட்டிவிட்டு, நான்கைக் கையில் கொடுத்துவிடுங்கள். உறையையும் அப்போதே கொடுத்துவிடலாம். அறைகளைப் பார்ப்பதும் அப்போதே நடந்துவிடும். சாமான்கள் இருக்கும்போது சுவரெல்லாம் தெரியாதே என்பார்கள். பெரும்பாலான பொருட்களைக் கட்டி ஒரு பக்கம் அடுக்கியிருந்தால் தெரிய வேண்டியது தெரியும். காலி அறைகளை மறுநாள் நீங்கள் படமெடுத்து அனுப்பினால் மிச்சமும் தீர்ந்தது.

மறுநாள் மீந்திருப்பது ஒரே ஒரு முன்கதவுச் சாவி. மீட்டர் படத்தோடு அதைக் கொடுக்க 3 நிமிடம் போதும். கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள். 6:30க்குக் கிளம்ப வேண்டும், 3 நிமிட வேலை, எனவே 6:27க்குத் தொடங்கினால் போதும். அக்கா இறங்கி வர 5 நிமிடம், ஆக அவரைக் கூப்பிடும் கெடு 6:22. தம்பிதான் மாற்று ஆள் என்றாலும்கூட 5:52 வரை காத்திருக்கலாம். அதைவிடப் பெரிய வசதி, கடைசிச் சாவியை வாங்குகிறவருக்கு வீட்டைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பின்கதவு இறுகுமா, தபால் பெட்டிச் சாவி எது என்றெல்லாம் அவர் பார்க்க வேண்டாம். ஒரு சாவியை வாங்கி, "வாங்கிக்கொண்டேன்" என்று ஒரு வரி அனுப்பினால் வேலை முடிந்தது. ஒரு விஷயத்தை மட்டும் பேசிக்கொள்ள வேண்டும்: வீடு ஒப்படைக்கப்பட்டதாகக் கணக்கு வைப்பது நான்கு சாவி போன நாளா, கடைசிச் சாவி போன நாளா? கடைசிச் சாவி என்று எழுதிவைப்பதே இருவருக்கும் பொருந்தும், ஏனென்றால் அதுவரை நீங்கள்தான் உள்ளே இருக்கிறீர்கள்.

முந்தைய நாள் வர வீட்டுக்காரருக்கு நேரமில்லை என்றால்தான் இடைவெளி முறைக்குப் போவேன்.

இனி மாற்று ஆள். இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். "வேற நம்பர்" என்று நாம் கேட்டு வாங்குவது மூன்று வகை ஆட்களில் யாருடையதாகவும் இருக்கலாம். சேதி மட்டும் சொல்லக்கூடியவர் ஒரு வகை. வீட்டுக்காரரோடு வேலை செய்கிறவர், அவர் மனைவி, இப்படி. "அவர் கிளம்பிட்டாரா?" என்று கேட்கலாம், பொருளைக் கொடுக்க முடியாது. வாங்குகிறவர் சார்பில் வாங்கிக்கொள்கிறவர் இரண்டாம் வகை. அக்காவும் தம்பியும் அப்படிப்பட்டவர்கள். கொடுக்கிறவர் சார்பில் வைத்திருந்து பிறகு கொடுக்கிறவர் மூன்றாம் வகை, உங்கள் நண்பர் போல. எண்ணை வாங்கும்போதே இவர் எந்த வகை என்று கேட்டுவிட வேண்டும். இல்லையென்றால் கெடு நேரத்தில் கூப்பிட்டால், "எனக்கு ஒண்ணும் சொல்லலையே, அவர்கிட்டயே பேசிக்கோங்களேன்" என்ற பதில் வரும். அவர் மேல் பிழையில்லை, அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

சாவியைப் பொறுத்தவரை இரண்டாம் வகைதான் சிறந்தது. வீட்டுக்காரரே தேர்ந்தெடுத்த ஆளின் கையில் கொடுத்துவிட்டால் உங்கள் பொறுப்பு அங்கே முடிகிறது. உங்கள் நண்பரிடம் விட்டுவிட்டுப் போனால் ரயிலைப் பிடித்துவிடுவீர்கள், ஆனால் சாவி இன்னும் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. ஒப்படைத்த தேதி ஒரு நாள் தள்ளிப்போகலாம், ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்து அதற்கு வாடகையும் கேட்கலாம். வீட்டைப் பற்றி வீட்டுக்காரர் ஏதாவது கேட்டால் நண்பருக்குப் பதில் தெரியாது. ஆகவே நண்பர் என்பவர் மாற்று ஆளும் கிடைக்காத போது மட்டும்.

காவலாளி, பக்கத்து வீடு, எண்பூட்டுப் பெட்டி இவற்றை ஆளாகக் கொள்ளாமல் இடமாகவே எண்ண வேண்டும். காவலாளியின் வேலை நேரம் முறை மாறும். மாலையில் வாங்கியவர் இரவில் இருக்கமாட்டார், அடுத்தவரிடம் சொன்னாரா என்பது தெரியாது. எண்பூட்டுப் பெட்டி ஒரு சாவிக்கு நல்ல வழி. ஆனால் அதன் எண்ணையும் வீட்டின் முகவரியையும் ஒரே சேதியில் அனுப்பாதீர்கள், வேலை முடிந்ததும் எண்ணை மாற்றச் சொல்லுங்கள். சாவியில் முகவரிச் சீட்டைக் கட்டி விடுவதும் அதே காரணத்துக்காக வேண்டாம். தொலைந்தால் எடுத்தவருக்கு எந்த வீடு என்று தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு. மிதியடிக்கு அடியில், பூந்தொட்டிக்குள் வைப்பதைப் பற்றிப் பேசத் தேவையில்லை.

மாற்று ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்த்த வரையில் அதிகம் தவறுவது ஓர் இடத்தில்தான். வருகிறவரும் மாற்று ஆளும் அன்று சேர்ந்தே இருப்பார்கள். வீட்டுக்காரர் தன் மனைவியின் எண்ணைக் கொடுத்திருப்பார், இருவரும் ஒரே காரில் வந்துகொண்டிருப்பார்கள். சாலை நெரிசலில் கார் நின்றால் இரண்டு பேரும் ஒன்றாகவே நிற்கிறார்கள். ஒருவரைத் தடுப்பது மற்றவரையும் தடுக்குமானால் அவர் மாற்று ஆள் அல்ல. "அன்னைக்கு சாயங்காலம் அவங்க எங்க இருப்பாங்க?" என்ற ஒரு கேள்வி போதும், இது தெரிந்துவிடும். உங்கள் பக்கத்திலும் ஒருவர் இருக்கட்டும். உங்கள் போன் அணைந்துவிட்டால் வீட்டுக்காரர் கூப்பிட ஓர் எண் வேண்டுமல்லவா? வீட்டைக் காலி செய்யும் நாளில் சார்ஜரும் ஏதோ ஒரு மூட்டைக்குள் போயிருக்கும். முக்கியமான மூன்று எண்களைக் காகிதத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆவணம் என்று வரும்போது என் தேர்வு மாறுகிறது. சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம், அல்லது பூட்டின் உள்ளுருளையை மட்டும் மாற்றலாம். செலவு உண்டு, ஆனால் ஒரே நாளில் முடிந்துவிடும். அசல் சான்றிதழோ பத்திரமோ தொலைந்தால் நகல் வாங்க விண்ணப்பம், அலைச்சல், மாதக்கணக்கில் காத்திருப்பு. ஆகவே ஏற்பாடு குலையும்போது எந்தப் பக்கம் சாய்வது என்பது இரண்டுக்கும் எதிரெதிர். சாவி என்றால் பேசிவைத்த மாற்று ஆளிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். அசல் ஆவணம் என்றால், சிறிது சந்தேகம் இருந்தாலும் கையிலேயே வைத்துக்கொண்டு இன்னொரு நாள் குறிப்பதுதான் சரி. அப்படி இன்னொரு நாள் குறிக்க வேண்டுமானால் அதற்கு இடம் இருக்க வேண்டும். ஆவணம் அவருக்குத் திங்கட்கிழமை தேவை என்றால், முதல் சந்திப்பை ஞாயிறு மாலை வைக்காமல் வெள்ளிக்கிழமை வையுங்கள். தவறினால் சனியும் ஞாயிறும் கையில் இருக்கும். சுருங்கச் சொன்னால், சாவிக்கு இன்னொரு ஆள் வேண்டும், ஆவணத்துக்கு இன்னொரு நாள் வேண்டும்.

ஆவணத்தை மாற்று ஆளிடம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், உறையை ஒட்டி, மடிப்பின் மேல் பாதியும் உறையின் மேல் பாதியுமாக விழும்படி குறுக்கே கையெழுத்துப் போடுங்கள். பிரித்தால் தெரிந்துவிடும். அவர் கொடுக்கும் ரசீதில் "ஒட்டிய உறை 1" என்று மட்டும் இருக்கட்டும். உள்ளே இருப்பதை அவர் பார்க்கவில்லை, எனவே "அசல் ஒப்பந்தம், 6 பக்கம்" என்று அவரிடம் எழுதி வாங்குவதில் பொருளில்லை, பிறகு ஏதாவது குறைந்தால் அவரை வீணாக மாட்டிவிடும். உள்ளிருப்பவற்றின் பட்டியலை, பக்க எண்ணிக்கையோடு, ஒட்டுவதற்கு முன் எடுத்த படங்களோடு வீட்டுக்காரருக்கு நேராக அனுப்பிவிடுங்கள்.

இடைவெளி முறைதான் என்று முடிவானால், இதையெல்லாம் ஒரே சேதியில் அடக்கலாம். குடியிருப்பவர் வீட்டுக்காரருக்கு இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை 5:00லிருந்து 6:05 வரை வீட்டிலேயே இருப்பேன். 5:25க்குள் கிளம்பிவிட்டதாக ஒரு சேதி போடுங்கள். அது வரவில்லை என்றாலும், கிளம்பியும் 6:05க்குள் வர முடியவில்லை என்றாலும், மாடியில் இருக்கும் உங்கள் அக்காவைக் கூப்பிட்டு 5 சாவியையும் ஒட்டிய உறை ஒன்றையும் அவரிடம் கொடுத்துவிட்டு 6:30க்குக் கிளம்பிவிடுவேன். அவரிடம் கொடுத்தால் போதும் என்று ஒரு வரி பதில் வேண்டும். என் போன் கிடைக்காவிட்டால் என் தங்கையிடம் பேசலாம், எண் கீழே."

பதில் இப்படி வந்தால் எல்லாம் கூடிவிட்டது: "சரிப்பா. அக்காகிட்ட சொல்லிட்டேன், அன்னைக்கு வீட்டுலதான் இருப்பாங்க. அவங்க கையில குடுத்தா எங்கிட்ட குடுத்த மாதிரிதான்."

தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதுவது முக்கியம். "வர்ற வெள்ளி" என்பது ஒருவருக்கு இந்த வாரம், இன்னொருவருக்கு அடுத்த வாரம். தேதியும் கிழமையும் பொருந்தவில்லை என்றால் படிக்கிறவர் உடனே கேட்டுவிடுவார். அதேபோல 12 மணி என்று எழுதினால் பகலா இரவா என்று சேர்த்து எழுத வேண்டும். நள்ளிரவு 12 என்றால் எந்தத் தேதியின் நள்ளிரவு என்பதே சந்தேகம், 11:45 என்று எழுதினால் சிக்கல் இல்லை. அந்த ஒரு வரி பதிலை வற்புறுத்தி வாங்க வேண்டும். அது வீட்டுக்காரர் வழக்கமாகப் பேசும் எண்ணிலிருந்து எழுத்தில் வர வேண்டும். பிறகு அக்காவிடம் நீங்களும் ஒருமுறை நேரில் பேசிவிடுங்கள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிவாக்குல இருப்பீங்களாக்கா?" என்று கேட்டால் போதும். வீட்டுக்காரர் சொல்ல மறந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

அன்றைய தினம் வரக்கூடிய இன்னொரு சிக்கலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 5:50க்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு சேதி: "நான்தான்பா, என் போன்ல சார்ஜ் போயிடுச்சு, இது ஃப்ரெண்டோட நம்பர். என் மச்சான் பையன் வர்றான், அவன்கிட்ட குடுத்துடு." உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எண்ணும் புதிது, ஆளும் புதிது என்றால் கொடுக்கக்கூடாது. அந்தப் புதிய எண்ணிலேயே திருப்பிக் கூப்பிட்டுச் சரிபார்ப்பதில் பயனில்லை, அது அவர்களுடைய எண்தான். உங்களிடம் ஏற்கனவே இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எடுக்கவில்லையா, பேசிவைத்த அக்காவிடமே கொடுத்துவிட்டு, வந்திருக்கும் பையனை அக்காவிடம் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். தன் குடும்பத்துப் பையனா இல்லையா என்பது அக்காவுக்குத் தெரியும். மாற்று ஆளை முன்பே தீர்மானித்து வைப்பதில் எனக்கு மிகவும் பிடித்த பலன் இதுதான். கடைசி நேரத்தில் யார் வந்து என்ன சொன்னாலும், முகத்தைப் பார்த்து நம்புவதா வேண்டாமா என்று நீங்கள் தவிக்க வேண்டியதில்லை, மறுப்பதால் யார் மனமும் புண்படுவதுமில்லை. "சார் அக்காகிட்டதான் குடுக்கச் சொன்னார்" என்றால் முடிந்தது.

கொடுக்கும்போது சாவிகளை ஒரு வெள்ளைத் தாளின் மேல் பரப்பிப் படமெடுங்கள், எண்ணிக்கை தெரியும்படி. வாங்கியவர் "5 சாவி, ஒட்டிய உறை 1, மாலை 6:12க்குப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டாலும் சரி, போனில் ஒரு வரியாக அனுப்பினாலும் சரி. படத்தையும் அந்த வரியையும் வீட்டுக்காரருக்கு உடனே அனுப்புங்கள். அவர் இன்னும் வழியில் இருந்தால், வீட்டு வாசலுக்கு வருவதா நேரே மாடிக்குப் போவதா என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.

வீட்டுக்காரரே நேரத்துக்கு வந்து வாங்கிக்கொண்டால் எல்லோரும் மறந்துவிடுவது ஒன்று உண்டு. அக்கா இன்னும் உங்கள் அழைப்புக்காக வீட்டில் இருக்கிறார். கடைக்குப் போக வேண்டியதைத் தள்ளிவைத்திருக்கலாம். அடுத்த தடவை அவரிடம் இதே உதவியை யாராவது கேட்கக்கூடும். கிளம்புவதற்கு முன், "சாரே வந்து வாங்கிட்டார்க்கா, இனி நீங்க காத்திருக்க வேண்டாம்" என்று அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வண்டியில் ஏறுங்கள்.